ஆவணியில பூமி பூஜை, ஐப்பசியில மழை: வீடு கட்டுற பணத்தை எப்படிப் பிரிச்சுக் கொடுக்கணும்?

சம்பளக்காரங்க வீடு கட்டுற கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். ஏப்ரல்ல போனஸ், இன்க்ரிமென்ட் வரும். மே, ஜூன்ல ஹோம் லோனுக்கு அலைவோம். லோன் சாங்ஷன் ஆகும்போது ஆடி பிறந்துடும். ஆடியில ஆரம்பிக்கக் கூடாதுன்னு வீட்ல சொல்வாங்க. ஆவணியில பூஜை போட்டு, செப்டம்பர்ல குழி தோண்டுவோம். அக்டோபர் மூணாவது வாரம் வடகிழக்குப் பருவமழை வந்து குழியை நிரப்பிடும்.

மழையால வேலை ரெண்டு மாசம் நிக்கிறது பெரிய நஷ்டம் இல்லை. நீங்க கொடுத்த பணம் நடந்த வேலையைவிட அதிகமா இருக்கும்போது வேலை நின்னா, அதுதான் நஷ்டம். இதை ஒரு உதாரணத்தோட பார்ப்போம்.

நம்ம உதாரணம்

செங்கல்பட்டு பக்கம் சொந்த மனை. 1,000 சதுர அடி தரைத்தள வீடு. மெட்டீரியலோட கான்ட்ராக்ட், சதுர அடிக்கு 2,400 ரூபாய்னு வச்சுப்போம். மொத்தம் 24 லட்சம். கைக்காசு 6 லட்சம், பேங்க் லோன் 18 லட்சம்.

கான்ட்ராக்டர் கொடுக்கிற பேமென்ட் ஷெட்யூல் இப்படி இருக்குன்னு வைங்க: அக்ரிமென்ட் போடும்போது 10%, குழி தோண்டும்போது 20%, பேஸ்மென்ட்டுக்கு 20%, லிண்டலுக்கு 20%, ரூஃபுக்கு 20%, பூச்சு வேலைக்கு 5%, சாவி கொடுக்கும்போது 5%.

கேட்க நியாயமாத்தான் தெரியும். ஆனா பேஸ்மென்ட் முடியும்போது உங்க கையை விட்டுப் போனது 50%, அதாவது 12 லட்சம். தரையில நிக்கிற வேலை, இந்த மாதிரி வீட்டுக்கு ஏறக்குறைய கால் பங்குதான், 6 லட்சம்.

இங்கதான் பேங்க் குறுக்க வரும். பேங்க் உங்க அக்ரிமென்ட்டைப் பார்த்துப் பணம் கொடுக்காது. அவங்க இன்ஜினியர் சைட்டுக்கு வந்து, எவ்வளவு வேலை முடிஞ்சிருக்குன்னு மதிப்புப் போடுவார். அதுலயும் உங்க பங்கு 6 லட்சம் முதல்ல செலவாகணும். வேலை மதிப்பே 6 லட்சம்தான்னா, பேங்க்லேர்ந்து அந்த நேரத்துல ஒரு ரூபாயும் வராது. கான்ட்ராக்டர் கேட்கிறது 12 லட்சம். மீதி 6 லட்சத்துக்கு நகையையோ பர்சனல் லோனையோதான் தேடணும். 14% வட்டியில 5 வருஷ பர்சனல் லோன்னா மாசம் சுமார் 14,000 ரூபாய் இஎம்ஐ. வாடகை தனி.

இந்த நிலைமையில அக்டோபர் மழை வந்து வேலை நின்னா? கான்ட்ராக்டருக்கு அவசரம் இல்லை. பணம் முன்னாடியே வந்துடுச்சு. மழை விட்டதும் பாக்கி நிறைய இருக்கிற வேற சைட்டுக்குத்தான் ஆளை முதல்ல அனுப்புவார்.

எப்படிப் பிரிக்கலாம்?

வேலை முடிஞ்ச பிறகு பணம், அதுவும் சின்னச் சின்னப் பங்கா. அதே 24 லட்சத்தை இப்படிப் பிரிச்சுப் பாருங்க:

- அட்வான்ஸ்: 5%
- ஃபூட்டிங் காங்கிரீட் போட்டதும்: 10%
- பேஸ்மென்ட் முடிஞ்சதும்: 10%
- லிண்டல் வரை கட்டு வேலை முடிஞ்சதும்: 15%
- ரூஃப்: 20%
- பூச்சு, உள்ளே போற வயரிங், பைப் வேலை: 15%
- டைல்ஸ், கதவு, ஜன்னல்: 15%
- பெயின்டிங், ஃபிட்டிங்ஸ்: 5%
- சாவி வாங்கி, தண்ணி டெஸ்ட் முடிஞ்ச பிறகு: 5%

இப்போ பேஸ்மென்ட் வரை போனது 25%, சரியா 6 லட்சம். உங்க கைக்காசே போதும். லிண்டல்லேர்ந்து பேங்க் பணம் வரும், கடனும் வேலையோட சேர்ந்துதான் ஏறும்.

கான்ட்ராக்டர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ரூஃபுக்குக் கம்பி, சென்டரிங்னு அவர் முன்கூட்டியே நிறைய செலவு பண்ணணும். அதனால அந்த 20%-ஐ மட்டும் ரெண்டா உடைங்க. சென்டரிங் அடிச்சு, கம்பி கட்டி முடிச்சதும் பாதி. காங்கிரீட் போட்டு, தண்ணி கட்டி, சென்டரிங் பிரிச்ச பிறகு மீதி. தேன்கூடு மாதிரி ஓட்டை, வெளியே தெரியிற கம்பி எல்லாம் சென்டரிங் பிரிச்சாத்தான் கண்ணுக்குத் தெரியும். பூசி மறைச்ச பிறகு கண்டுபிடிக்க முடியாது.

தையில ஆரம்பிச்சு அடுத்த தையில முடிக்கலாம்

வடகிழக்குப் பருவமழை பெய்யிற மாவட்டங்கள்ல கணக்கு ஒண்ணுதான்: அக்டோபருக்கு முன்னாடி ரூஃபும் வெளிப்பூச்சும் முடிஞ்சிருக்கணும். கன்னியாகுமரி, நீலகிரி மாதிரி ஜூன்லயும் நல்ல மழை பெய்யிற இடம்னா அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

பிப்ரவரி ஆரம்பத்துல குழி தோண்டினா மார்ச் கடைசியில பேஸ்மென்ட், மே நடுவுல லிண்டல், ஜூன் கடைசி இல்லைன்னா ஜூலையில ரூஃப் காங்கிரீட். அதுக்கப்புறம் செப்டம்பர் வரை உள்ளேயும் வெளியேயும் பூச்சு. மழை வரும்போது டைல்ஸ், கதவு, எலக்ட்ரிகல்னு கூரைக்குக் கீழே நடக்கிற வேலை ஓடும். பெயின்டை ஜனவரிக்குத் தள்ளிடுங்க. ஈரச் சுவர்ல அடிச்சா கொப்புளம் வந்து உரியும். சுவர்ல வெள்ளையா உப்புப் பூத்திருந்தா ஈரம் இன்னும் வெளியே வந்துட்டு இருக்குன்னு அர்த்தம்.

லோன், பிளான் அப்ரூவல் வேலையை அதனால தீபாவளி சமயத்துலயே ஆரம்பிக்கணும்.

ஏற்கெனவே ஆவணியில பூஜை போட்டுட்டீங்களா? பேஸ்மென்ட்டை அக்டோபர் முதல் வாரத்துக்குள்ள முடிச்சு, உள்ளே மண் நிரப்பி, அங்கேயே நிறுத்துங்க. மழையில அந்த மண் நல்லா இறங்கி அமுங்கும். வெளியே நீட்டிட்டு இருக்கிற பில்லர் கம்பிக்குத் துரு ஏறாம சிமென்ட் பால் பூசச் சொல்லுங்க. இது முடியாதுன்னு தெரிஞ்சா குழியே தோண்டாதீங்க. தண்ணி நின்ன குழியில அடிமண் இளகிடும். தண்ணியை இறைச்சு, சேறை எடுத்து, கெட்டி மண் வரை மறுபடி தோண்டணும். அந்தச் செலவு யாருதுங்கிற சண்டையும் வரும்.

தாமதத்தோட விலை

ரூஃப் முடிஞ்ச நிலையில ரெண்டு மாசம் வேலை நிக்குதுன்னு வைங்க. லிண்டல், ரூஃபுக்குப் பேங்க் கொடுத்தது 8.4 லட்சம். 8.5% வட்டின்னா மாசம் 5,950 ரூபாய் ப்ரீ-இஎம்ஐ. வாடகை 14,000 சேர்த்தா மாசம் சுமார் 20,000, ரெண்டு மாசத்துக்கு 40,000. வலிக்கும்தான், ஆனா முன்கூட்டியே ஒதுக்கி வைக்கக்கூடிய தொகை. இதோட ஒரு லட்சம் தனியா வச்சுக்கோங்க. இன்ஜினியர் வந்து பார்த்து, பேங்க் பணம் வந்து சேர ஒண்ணு ரெண்டு வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில ஆள் கூலி நிக்கக் கூடாது.

அக்ரிமென்ட்ல எழுத வேண்டியது

பணம் தேதிக்கு இல்லை, ஸ்டேஜுக்குத்தான்னு எழுதுங்க. ஒவ்வொரு ஸ்டேஜும் எப்போ "முடிஞ்சது"ன்னு ஒரு வரியில விளக்குங்க. மழையால வேலை நின்ன நாளை தேதியோட போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல ரெண்டு பேரும் பதிவு பண்ணணும், அந்த நாட்களுக்கு மட்டும் கெடு நீளும், மத்த தாமதத்துக்கு ரேட் ஏத்தக் கூடாதுன்னு சேருங்க.

கடைசி 5%-க்கு டெஸ்ட் சுலபம். மொட்டை மாடித் தண்ணிக் குழாயை அடைச்சு, ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி, ஒரு நாள் விடுங்க. கீழே சீலிங்ல ஈரத் திட்டு இல்லைன்னா பணத்தைக் கொடுத்துடலாம்.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, எந்த ஸ்டேஜுக்கு எத்தனை சதவீதம் கொடுப்பீங்கன்னு உங்க பேங்க்கிட்ட எழுதி வாங்குங்க. அதை கான்ட்ராக்டர் ஷெட்யூலுக்குப் பக்கத்துல வச்சு வரிக்கு வரி கூட்டிப் பாருங்க. எந்த வரியில கான்ட்ராக்டர் கேட்கிறது பேங்க் பணத்தையும் உங்க கைக்காசையும் தாண்டுதோ, அந்த வரியைப் பேசி மாத்தின பிறகு கையெழுத்துப் போடுங்க.