மன்னார்க் கூத்தில் கட்டியகாரன்: அவையை விளிக்கும் முறை

மேடை அறிவிப்பாளர் ஒலிவாங்கியோடு தோன்றியவர் அல்லர். மன்னார்த் தீவிலும் மாதோட்டப் பகுதியிலும் கத்தோலிக்க மக்கள் ஆடிவந்த கூத்துக்களில் அப்பணி கட்டியகாரனுக்குரியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964 இல் பதிப்பித்த ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ இம்மரபைச் சார்ந்தது.

இரவெல்லாம் நிகழும் கூத்துக்கு மக்கள் பாயோடும் பிள்ளைகளோடும் திறந்த வெளியில் வந்தமர்வர். தொடக்கத்திற் பேச்சும் அழுகுரலும் ஓயா. அந்நிலையிற் கட்டியகாரன் அமைதியை இரப்பதில்லை. மத்தளமும் தாளமும் முழங்கியபின், தாளக்கட்டின்றி நீட்டிப் பாடும் விருத்தத்தோடு வருகிறான். உச்சத்தில் நீளும் குரல் கடைசிப் பாய்வரை எட்டும். அதன்பின் தாளத்தோடு தரு தொடங்கும். பிற்பாட்டுக்காரர் அடியை மீட்டுப் பாடுவதால், முதன்முறை கேளாதவரும் பொருளை அறிவர்.

அவன் அறிவிப்பது அரசன் கொலுவுக்கு வருகிறான் என்பதையே. அரசவையை நோக்கிக் கூறும் அச்சொல் கூடியிருப்போரையும் அவையோராக்கிவிடுகிறது. தம் பெயரைக் கேட்டவர் போல் அவர்கள் நிமிர்கின்றனர். அடுத்து வருபவன் யார் என்னும் எதிர்பார்ப்பும் பிறக்கிறது.

நம் கழக மேடைகளிலோ “தலைவர் அவர்களே” எனத் தொடங்கும் விளிவரிசை முன்வரிசையோடு நின்றுவிடுகிறது. பின்வரிசையிற் பேச்சு மீண்டும் எழுவதே அது தவறிற்று என்பதற்கு அடையாளம். அப்போது ஒலியைக் கூட்டினால் அவையும் குரலைக் கூட்டும். ஆயினும் கட்டியகாரனின் உத்திக்கும் எல்லையுண்டு: வரவை அறிவித்தபின் அரசன் உடனே களரியேற வேண்டும். ஒப்பனை முடியாது அவன் தாமதித்தால், பெற்ற அமைதி கலையும். மீண்டும் விருத்தம் பாடினும் முன்போல் எடுபடாது.