ரசத்தில் உப்பு தெரிகிறது, பெருங்காயம் தெரியவில்லை

"நாக்கே செத்துப்போச்சு டாக்டர், எதைச் சாப்பிட்டாலும் சப்புன்னு இருக்கு." சளிக் காய்ச்சல் வந்துபோன சில வாரங்களில் இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் பலர். வருவதற்குள் சிலர் நாக்கை வழித்து வழித்துப் புண்ணாக்கியிருப்பார்கள். சிலர் மருந்துக் கடையில் ஜிங்க் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இவர்களில் பெரும்பாலானோருக்கு நாக்கில் ஒரு குறையும் இருக்காது. மணம் அறியும் திறன்தான் போயிருக்கும்.

நாக்கு அறிவது கொஞ்சம்தான். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கோடு, காளானிலும் தக்காளியிலும் இறைச்சியிலும் இருக்கும் உமாமி என்ற ஐந்தாவது சுவை. ரசத்தை எடுத்துக்கொண்டால், புளியின் புளிப்பையும் உப்பையும் நாக்கு சொல்லிவிடும். மிளகின் காரத்தைச் சொல்வது வலியையும் எரிச்சலையும் உணரும் முக்கிளை நரம்பு. மிச்சமிருக்கும் சீரகம், பெருங்காயம், பூண்டு, கொத்தமல்லி எல்லாமே மணம். வாயில் வைத்து விழுங்கும்போது அந்த மணம் தொண்டையின் பின்பக்கமாக மேலேறி, மூக்கின் உச்சியில் இருக்கும் சவ்வைத் தொடுகிறது. மூன்றையும் சேர்த்து மூளை ஒரே ருசியாக்கி, அது வாயிலேயே இருப்பதுபோல நமக்குக் காட்டுகிறது. அதனால்தான் மூக்கின் குறைக்கு நாக்கைத் திட்டுகிறோம்.

எது போயிருக்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காய்ச்சலுக்குப் பிறகு அவர் வைக்கும் குழம்பில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. ரத்த அழுத்தம் உள்ள கணவர் முணுமுணுக்கிறார். மகள் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு துளி உப்புத் தண்ணீரை நாக்கில் வைக்கிறாள்.

"இது என்னம்மா?"

"உப்புடி."

வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்ததாகச் சர்க்கரைத் தண்ணீர், புளித் தண்ணீர், வெந்தயம் ஊறிய தண்ணீர். அம்மா எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறார். அப்புறம் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சீரகத்தை மெல்லச் சொல்கிறாள். லேசான கசப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. இது எல்லோருக்கும் அப்படித்தான். இப்போது மூக்கை விடுகிறார். நல்ல மூக்கு உள்ளவருக்கு அந்த நொடியில் சீரக வாசனை குப்பென்று வரும். அம்மாவுக்கு வரவில்லை. நாக்கு நன்றாக இருக்கிறது, மணம்தான் போயிருக்கிறது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

அடுத்து போக வேண்டியது காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம். அவர் மெல்லிய குழாய்க் கருவியை மூக்கில் செலுத்திப் பார்ப்பது, மணம் அந்தச் சவ்வுவரை போய்ச்சேர முடிகிறதா என்று அறியத்தான். மூக்கில் சதை வளர்ச்சி, நாள்பட்ட சைனஸ், ஒவ்வாமை வீக்கம் இருந்தால் பாதை அடைபட்டிருக்கும். சரிசெய்ய வழியுள்ள காரணங்களில் முதலிடம் இவற்றுக்குத்தான். ஸ்டீராய்டு ஸ்பிரே, உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று போகும். ஸ்பிரே இரண்டு நாளில் பலன் தரவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தலையைச் சற்றுக் குனிந்து, மூக்கின் நடுத்தண்டைத் தவிர்த்து வெளிப்பக்கச் சுவரை நோக்கி அடிக்க வேண்டும். கழுவும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற வைத்ததாக இருக்க வேண்டும்.

நாம் சொன்ன அம்மாவுக்கு அடைப்பு இல்லை. வைரஸ் அந்தச் சவ்வையே சேதப்படுத்தியிருக்கிறது. கொரோனா காலத்தில் உலகமே பார்த்தது இதைத்தான். மணம் அறியும் நரம்புச் செல்கள் மறுபடி முளைக்கும் தன்மை உள்ளவை. ஆனால் வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குத் துணையாக இருப்பது முகர்தல் பயிற்சி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த தாமஸ் ஹும்மல் குழு 2009இல் வெளியிட்ட முறையில் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்கள். ரோஜாவைத் தவிர மற்றவை நம் வீடுகளில் கிடைப்பவைதான். யூகலிப்டஸுக்கு நீலகிரித் தைலம் போதும். ஒவ்வொன்றையும் சுமார் 10 விநாடி, காலையும் மாலையும், குறைந்தது 12 வாரம் முகர வேண்டும். முகரும்போது அந்த மணம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை.

மீண்டு வரும் வழியில் சிலருக்குக் காபி கருகிய நாற்றமாகவும், வெங்காயம் வதக்கும் வாசம் அழுகல் நாற்றமாகவும் மாறிவிடும். பயந்துபோய்ச் சாப்பிடுவதையே நிறுத்துபவர்கள் உண்டு. நரம்புகள் புதிதாக இணையும் காலத்தில் பலருக்கும் இது நேரும், பெரும்பாலும் குறைந்துவிடும். அதுவரை வறுத்தது, வதக்கியது, பூண்டு ஆகியவற்றைத் தள்ளிவைத்து, தயிர் சாதம், இட்லி போல மணம் குறைந்ததை ஆறவைத்துச் சாப்பிடலாம்.

உப்பும் சர்க்கரையும்கூடத் தெரியவில்லை, அல்லது எதுவும் சாப்பிடாதபோதும் வாய் கசக்கிறது, இரும்பைச் சப்பியதுபோல் இருக்கிறது என்றால் கதை வேறு. அப்போது முதலில் எடுக்க வேண்டியது மாத்திரைச் சீட்டு. வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் இரண்டும் வாயில் உலோகச் சுவை தரும். ரத்த அழுத்தத்துக்கான கேப்டோபிரில் சுவையை மழுங்கடிக்கும். படர்தாமரைக்கு வாரக்கணக்கில் சாப்பிடும் டெர்பினஃபின் மாத்திரையால் சுவை போவது உண்டு. நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பும், சிலருக்கு மாதங்கள் ஆகும். தொடங்கிய தேதியையும் சுவை போன தேதியையும் எழுதி மருத்துவரிடம் காட்டினால், மாற்று மருந்து தருவார். நீங்களாக நிறுத்தினால் சர்க்கரையும் அழுத்தமும் கைமீறும்.

அடுத்து வாயைப் பார்க்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்குப் பூஞ்சை வெண்படலமாகப் படரும். மருந்து போட்டால் போய்விடும். எச்சில் வற்றினாலும் சுவை தெரியாது, கரைந்தால்தான் சுவை நாக்கில் ஏறும். நாக்கு சிவந்து வழவழப்பாக இருந்தால் பி12 அல்லது இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். தைராய்டு, சிறுநீரகக் கோளாறுகளும் காரணமாகலாம். ஜிங்க் குறைந்தவருக்குத்தான் ஜிங்க் மாத்திரை உதவும். அதிக அளவில் பல மாதங்கள் விழுங்கினால் உடலில் செம்புச்சத்து குறைந்து ரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும்.

தலையில் அடிபட்டு மணம் போனவர்களுக்கு மீட்சி குறைவு. முதுமையில் மெல்ல மெல்லப் போவதும் அப்படியே. பார்க்கின்சன் நோயில் நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மணம் குறைவதுண்டு. எனவே காரணம் தெரியாமல் போனால் அலட்சியம் வேண்டாம். நாக்கின் ஒரு பக்கம் சுவை போய், கூடவே முகம் கோணி, கண் மூட முடியாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது முகநரம்பு வாதமாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும்.

மணம் திரும்பும்வரை, வீட்டில் தனியாக இருப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சமையல் எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பதே கசிவை நாம் முகர்ந்து கண்டுபிடிக்கத்தான். உங்களுக்கு அது தெரியாது. எனவே சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். பால், குழம்பு கெட்டுவிட்டதா என்று பார்க்க வேறொருவரை முகரச் சொல்லுங்கள். குழம்பில் உப்பைக் கண்ணளவாகப் போடாமல் கரண்டியால் அளந்து போடுங்கள்.