தூங்கும் நண்பர்களுக்கு இரண்டு வரி

போன மாதம் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு புகைப்படத்தை நீட்டினார். "சார், இதுக்குக் கீழே ரெண்டு வரி எழுதிக் கொடுங்க" என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம். விமான நிலைய நாற்காலிகளில் நான்கு பேர். ஒருவர் தலை அடுத்தவர் தோளில். ஒருவர் வாய் திறந்தபடி. எல்லாரும் அசதியில் கிடக்கிறார்கள். ஆனாலும் முகத்தில் ஏதோ ஒரு நிறைவு.

"நண்பர்கள் உறங்குகிறார்கள்" என்று எழுதலாமா? அதைப் படமே சொல்கிறது. "களைப்பிலும் களிப்பு" என்றால், திருவிழாப் படத்துக்கும் அது பொருந்திவிடும். படத்தில் தெரியாததைச் சொல்வதுதான் படக்குறிப்பின் வேலை. ஆகவே நண்பரிடம் விசாரித்தேன்.

இடம் கொழும்புக்கு அருகேயுள்ள கட்டுநாயக்க விமான நிலையம். கோலாலம்பூரிலிருந்து போனவர்கள், திருச்சி விமானத்துக்காக அங்கே ஏழு மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். கைப்பேசி, படம் எடுத்த நேரத்தை விடியற்காலை 4.10 என்று காட்டியது. படத்தின் மூலையில் தெரிந்த சுவர்க்கடிகாரமோ 1.40 காட்டியது. எது சரி? இரண்டுமே சரிதான். இலங்கை நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். விமானத்தில் தொடர்பைத் துண்டித்தவர் மறுபடி இணைக்கவில்லை. அதனால் கைப்பேசி மலேசிய நேரத்திலேயே நின்றுவிட்டது. குறிப்பில் அந்த ஊர் நேரத்தையே எழுத வேண்டும்.

"படம் பிடித்தது யார்?" என்று கேட்டேன். "நான்தான் சார். பைகளுக்குக் காவல் இருந்தேன்" என்றார். அப்படியானால் ஐந்து பேர்! படத்தில் இல்லாத அந்த ஐந்தாமவர் பெயர்தான் முதலில் மறந்துபோகும்.

பிறகு அவராகவே சொன்னார்: ஐவரும் லாபு பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். தோட்டம் கைமாறியதும் சிரம்பான், நீலாய், செனவாங் என்று சிதறிப் போனார்கள்.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான். தொடக்கத்தில் இடமிருந்து வலமாக நால்வர் பெயர். பின்பு:

"கட்டுநாயக்க, இரவு 1.40. திருச்சி விமானத்துக்கு ஏழு மணி நேரக் காத்திருப்பு. தோட்டத்தை விட்ட பிறகு எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உறங்கிய முதல் இரவு. படம் எடுத்து, பைகளைக் காத்தவர்..." என்று நண்பரின் பெயர்.

மகிழ்ச்சி என்ற சொல் அதில் இல்லை. ஆனால் அந்த மூன்றாம் வாக்கியத்தைப் படித்தவர்களுக்கு, நால்வரின் முகமும் புரிந்துவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம். தூங்குகிறவர் சம்மதம் சொல்ல முடியாது. நாலு பேருக்குக் காட்டுமுன் விழித்தபின் கேளுங்கள். படத்தை அச்சிட்டு வைப்பதானால், பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனாவை அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும்.

எங்கள் பள்ளி அலமாரியில் பழைய குழுப்படம் ஒன்று இருக்கிறது. மூன்றாவதாக நிற்கும் சிறுவன் யாரென்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. அதன் பின்புறம் வெறுமையாகவே இருக்கிறது.