விட்டுப்போன மூன்று பில்கள்

விற்பனை பில்லில் வரிசை எண் கட்டாயம். ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி ஒரு நிதியாண்டுக்குள் அந்த எண்கள் தொடர்ச்சியாகப் போக வேண்டும். ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. நடுவில் ஓர் எண் காணாமல் போனால், அந்தப் பில்லில் சரக்கு வெளியே போனதா என்ற கேள்வி எழும்.

ஈரோட்டில் ஒரு பெயிண்ட் மொத்த விற்பனைக் கடை என்று வைத்துக்கொள்வோம். 2023-24 கணக்குக்கு மறுநாள் தணிக்கை. முதல் பில் 1, கடைசிப் பில் 2316. பட்டியலிலோ 2313 வரிகள்தான். கணக்கு எழுதும் பெண் எக்செல்லில் எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே இழுத்தார்:

```
=A3-A2
```

எல்லா இடத்திலும் 1 வர வேண்டும். மூன்று இடங்களில் 2 வந்தது. 417, 1108, 1902 ஆகிய எண்கள் இல்லை.

டாலியில் ஒரு பில்லை ரத்து செய்தால் எண் அப்படியே நிற்கும், தொகை மட்டும் போய்விடும். அழித்தால் பதிவே இருக்காது. அவசரத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத கடை அபூர்வம்.

417-க்கு விடை பழைய கோப்பில் கிடைத்தது. வாங்குபவர் சரக்கைத் திருப்பியனுப்ப, பில்லின் மூன்று பிரதிகளும் ஒன்றாகப் பின் அடிக்கப்பட்டுக் கிடந்தன. வாங்குபவருக்கான அசல் பிரதியே கடையில் இருப்பதால் விற்பனை நடக்கவில்லை என்பது தெளிவு. 1108 போட்ட நாளில் 1109-இல் அதே வாடிக்கையாளருக்கு அதே சரக்கு போயிருக்கிறது. தப்பாக அடித்ததை அழித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார்கள்.

1902-க்கு எந்தத் தாளும் இல்லை. வாசல் நோட்டில் மட்டும் அன்றைய தேதியில் 20 லிட்டர் டப்பா 22 வெளியே போனதாக எழுதியிருந்தது. அதற்குப் பில்லே கிடையாது. இருப்புக் கணக்கிலும் சரியாக 22 குறைந்தது.

முதலாளி போனில், “கேன்சல்னு எழுதி வெச்சிடும்மா” என்றார்.

“சார், சரக்கு போயிருக்கு. மூணு காப்பியும் இல்லாம கேன்சல்னு எப்படி எழுதறது?”

மாதாமாதம் போடும் ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் 13-ஆம் அட்டவணை என்று ஒன்று உண்டு. அந்த மாதம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டது, அதில் எத்தனை ரத்து என்று சொல்ல வேண்டும். இந்தக் கடை அந்த மாதத்துக்கு 1871 முதல் 1950 வரை, ரத்து 0 என்று ஏற்கெனவே கொடுத்திருந்தது. ஆக 80 பில் இருக்க வேண்டும். விற்பனைப் பட்டியலில் 79. இன்று இரவு எழுதும் ‘ரத்து’ அந்தப் பழைய கணக்கோடு ஒட்டாது.

டப்பா ரூ.3,500 வீதம் மதிப்பு ரூ.77,000. 18% வரி ரூ.13,860. அதை டி.ஆர்.சி-03 படிவத்தில் தானாகவே கட்டலாம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 18% வட்டி உண்டு. வேண்டுமென்றே மறைத்ததாகத் துறை கருதினால் அபராதமும் சேரும். இரவு பதினொன்றரைக்கு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, வாசல் நோட்டின் அந்தப் பக்கத்து நகலோடு சேர்த்து, கோப்பின் மேலேயே வைத்தார் அவர்.