கையெழுத்தின் எல்லை

அதிகாரப் பத்திரத்தைப் படித்துக் கையொப்பதாரர் பதிவேட்டில் ஏற்றும்போது மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: எந்த வேலைக்கு, எவ்வளவு தொகைக்கு, எந்த நாள் வரை?

ஒரு நிறுவனம் தன் கொள்முதல் மேலாளருக்கு இப்படி எழுதிக் கொடுத்திருப்பதாகக் கொள்வோம்: மூலப்பொருள் வாங்கும் ஒப்பந்தங்களில் தனியாக 5 லட்சம் ரூபாய் வரை, நிதி மேலாளருடன் சேர்ந்து 20 லட்சம் வரை கையெழுத்திடலாம், 2025 மார்ச் 31 வரை செல்லும். பதிவேட்டில் ‘20 லட்சம்’ என்று மட்டும் எழுதினால், தனிக் கையெழுத்தின் வரம்பு நான்கு மடங்காகிவிடும். ஆகவே தனிக் கையெழுத்துக்கு ஒரு வரி, கூட்டுக் கையெழுத்துக்கு இன்னொரு வரி. ஒவ்வொன்றின் அருகிலும் பத்திரத்தின் பத்தி எண். வரம்பு ஓர் ஒப்பந்தத்துக்கா, மொத்தத்துக்கா என்று பத்திரம் சொல்லாவிட்டால், ஊகிக்காமல் ‘குறிப்பிடவில்லை’ என்று எழுதி, அதிகாரம் கொடுத்தவரிடமே எழுத்தில் விளக்கம் பெற வேண்டும்.

‘இது தொடர்பான அனைத்துச் செயல்களும்’ என்ற பொதுச் சொற்கள் புது அதிகாரம் தருவதில்லை. நீதிமன்றங்கள் அவற்றைப் பத்திரத்தின் நோக்கத்துக்குள் அடக்கியே படிக்கின்றன. எனவே கடன் வாங்கும் அதிகாரத்தை அதிலிருந்து எடுத்து எழுதக் கூடாது.

முடிவு தேதி இல்லாத பத்திரமும் நிரந்தரமானதல்ல. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, ரத்து செய்தாலோ கொடுத்தவர் இறந்தாலோ பொதுவாக அதிகாரம் முடிந்துவிடும். ஆகவே பதிவேட்டில் ரத்து நாளுக்கும், கடைசியாகச் சரிபார்த்த நாளுக்கும் தனிக் கட்டங்கள் வேண்டும்.