எழுதிக் கொடுத்த வீடு திரும்புமா?

‘கடைசிவரை பார்த்துக்கொள்வேன்’ என்ற மகனின் வாய்ச்சொல்லை நம்பி வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த பிறகு, அவன் சோறு போடாவிட்டால்?

60 வயது நிறைந்தவர்களுக்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23 இருக்கிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் பத்திரத்தை ரத்து செய்யலாம். சிக்கல் ஒன்றுதான்: பராமரிப்பு நிபந்தனையோடுதான் கொடுத்தோம் என்று காட்ட வேண்டும். 2022-இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது.

மத்தியப் பிரதேசத் தாய் ஒருவருக்கு, மகன் தனியே எழுதித் தந்த உறுதிமொழித் தாள் கைகொடுத்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தானப் பத்திரத்தை ரத்து செய்து, வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொன்னது.

ஆகவே ‘அன்பின் காரணமாக’ என்ற வழக்கமான வரியோடு நிறுத்தாமல், உணவு, மருத்துவம், ஆயுள்வரை குடியிருப்பு ஆகியவற்றைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.