கடைக்கு அஞ்சு வயசு, வந்துட்டுப் போங்க

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! தங்கள் பேராதரவுடன் எங்கள் நிறுவனம் ஐந்தாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இந்நன்னாளில், குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்குமாறு அழைக்கிறோம். வருகை தரும் அனைவருக்கும் நிச்சயப் பரிசு உண்டு. நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் ஒன்றும் செய்ய மாட்டீர்கள். பாத்திரக்கடை, செல்போன் கடை, பியூட்டி பார்லர் என்று யார் பெயரை மேலே போட்டாலும் இது பொருந்திவிடும். போதாக்குறைக்கு, பெரிய நிறுவனங்களின் பெயரைச் சொல்லி "ஆண்டு விழா பரிசு, இந்த லிங்க்கைத் தொடுங்கள்" என்று மோசடிக்காரர்கள் அனுப்பும் செய்திகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கின்றன. அதனால் பரிசு என்ற சொல்லைப் பார்த்ததுமே விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போகிறது. நிஜமான கடைக்காரர் நிஜமான பரிசை வைத்துக்கொண்டு அழைக்கும்போதும் இந்தச் சந்தேகத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

ஒரு மளிகைக்கடையை எடுத்துக்கொள்வோம். சின்ன டவுன், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெரு. 2021 பிப்ரவரியில் திறந்தது, 2026 பிப்ரவரியில் ஐந்து வருஷம் முடிகிறது. மேலே உள்ள செய்தியின் முதல் தப்பு இங்கேயே தெரிந்துவிடும்: ஐந்தாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிற கடை நாலு வருஷத்தைத்தான் முடித்திருக்கிறது. இந்தக் கடை ஐந்தை முடித்து ஆறாவதில் நுழைகிறது. கணக்கு தப்பினால் சொல்லிக் காட்ட ஊரில் நாலு பேர் இருப்பார்கள்.

கடைக்காரர் முதலில் எழுத உட்கார வேண்டியது செய்தியை அல்ல, பெயர்ப் பட்டியலை. யார் நிலையான வாடிக்கையாளர் என்பதற்கு மளிகைக்கடையில் நல்ல சாட்சி ஏற்கெனவே இருக்கிறது: மாதச் சாமான் லிஸ்ட் கொடுப்பவர்கள், கணக்கு நோட்டில் பேர் உள்ளவர்கள், பையன் வீடு வரை கொண்டுபோய்ப் போடும் முகவரிகள். ஆளாக எண்ணாமல் வீடாக எண்ண வேண்டும். ஒரே வீட்டில் அம்மா நம்பரும் மகன் நம்பரும் தனித்தனியாகப் பதிவாகி இருந்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு அழைப்பு, இரண்டு பரிசு என்று ஆகிவிடும். நம் கடைக்கு 140 வீடு தேறுகிறது என்று வைப்போம். பரிசும் 140 வேண்டும், கூடவே கைக்காவலுக்குப் பத்துப் பதினைந்து. "ஸ்டாக் உள்ளவரை" என்ற வார்த்தையைத் தவிர்க்க இதைவிட நேரான வழி இல்லை. அழைத்துவிட்டு, வந்த பிறகு தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தால், அழைக்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

பரிசு என்ன என்பது அவரவர் கையிருப்பைப் பொறுத்தது. இந்தக் கடைக்குச் சின்ன எவர்சில்வர் டப்பா பொருத்தம். ஒன்று 60 ரூபாய்க்குக் கிடைத்தால் 150 டப்பாவுக்கு 9,000 ரூபாய். ஜி.எஸ்.டி. கட்டுகிற கடையாக இருந்தால் ஒன்றை மறக்கக் கூடாது: இலவசமாகக் கொடுக்கிற பொருளுக்கு, வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. ஆக, பட்ஜெட் போடும்போது வரியோடு சேர்த்த விலையையே செலவாக எழுத வேண்டும்.

பேர் வெட்டுவது நம் ஊர்ப் பழக்கம். கடைப் பெயரையும் தேதியையும் டப்பாவின் அடியில் சின்னதாக வெட்டலாம். முகப்பில் போன் நம்பரோடு பெரிதாக வெட்டினால் அது விளம்பரப் பலகையாகி, பரணுக்குப் போய்விடும். வெறும் பாத்திரம் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை என்பதால் உள்ளே ஒரு பிடி கற்கண்டோ சர்க்கரையோ போட வேண்டும். மளிகைக்கடைக்கு அது ஒரு செலவே இல்லை. காலாவதி நெருங்கிய பிஸ்கட்டைப் பரிசாகத் தள்ளிவிடும் யோசனை எந்தக் கடைக்காரருக்கும் ஒரு நிமிஷமாவது வரும். அட்டையில் தேதியைப் பார்க்காமல் நம் பெண்கள் எதையும் வாங்குவதில்லை என்பதை நினைவில் வைத்தால் அது தானாகப் போய்விடும்.

இப்போது செய்தி. இதோ நம் கடைக்காரர் அனுப்பக்கூடியது:

"வணக்கம் செல்வி அக்கா. பின்தெரு மளிகைக்கடையிலிருந்து. நம்ம கடை திறந்து இந்த மாசத்தோட அஞ்சு வருஷம் ஆச்சு. கடை திறந்த மாசத்துலேர்ந்து நீங்க லிஸ்ட் கொடுத்துக்கிட்டு இருக்கீங்க. வர்ற 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 9லேர்ந்து மத்தியானம் 2 மணிக்குள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. காபி, கேசரி உண்டு. உங்க வீட்டுக்குன்னு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா எடுத்து வெச்சிருக்கோம். அன்னைக்குச் சாமான் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அன்னைக்கு முடியலைன்னா 14ஆம் தேதி சனிக்கிழமை வரைக்கும் எப்ப வந்தாலும் வாங்கிக்கலாம்."

இலக்கணச் சுத்தமாக இல்லை என்று சிலர் முகம் சுளிக்கலாம். கல்லாவில் உட்கார்ந்து தினமும் "என்னக்கா, துவரம்பருப்பு அரைக்கிலோ போதுமா?" என்று கேட்பவர், திடீரென்று "தாங்கள் வருகை புரிந்து" என்று எழுதினால்தான் எனக்கு விநோதமாகப் படுகிறது. தெற்கே அண்ணாச்சி கடையாக இருந்தால் பேச்சு அதற்கேற்ப மாறும். வாத்தியாருக்கு அனுப்பும்போது "சார்" என்று மாறும்.

பரிசைப் பற்றிய வரிகளைக் கவனியுங்கள். பரிசு என்ற சொல்லே அதில் வரவில்லை. என்ன பொருள், எந்த அளவு என்று நேராகச் சொல்லியாகிவிட்டது. "சர்ப்ரைஸ்" என்று மூடி வைத்தால் வருகிறவர் மனதில் குக்கர் வரை ஓடும், கையில் டப்பா வந்ததும் முகம் வாடும். சின்ன டப்பா என்று தெரிந்து வருபவருக்கு ஏமாற்றமே கிடையாது. அடுத்தது, எதுவும் வாங்க வேண்டியதில்லை என்ற வரி. 500 ரூபாய்க்கு வாங்கினால்தான் டப்பா என்று வைத்தால் அது ஆஃபர். ஆஃபர் போடுவதில் தப்பில்லை, ஆனால் அதற்குத் தனி நாள், தனி நோட்டீஸ். பழகியவரை விழாவுக்குக் கூப்பிட்டு வாசலில் பில் கேட்டால் அவர் அடுத்த மாதச் சாமானை எதிர்க்கடையில் வாங்குவார்.

மூன்றாவதாக, லிஸ்ட் கொடுத்தது பற்றிய வரி. எந்த மோசடிக்காரனாலும் எழுத முடியாத வரி அது. எல்லாருக்கும் ஒன்று கண்டுபிடிப்பது கஷ்டம் என்றாலும் "இட்லி அரிசி உங்களுக்காகவே வரவழைக்கிறோம்" என்பது போல ஒரு உண்மைத் துணுக்கு பலருக்குக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், புனையக் கூடாது. லிங்க், ஓ.டி.பி., கூப்பன் எண் எதுவும் வேண்டாம்.

கணக்கு நோட்டில் பாக்கி வைத்திருப்பவர்கள் விஷயம் கொஞ்சம் நுட்பம். அவர்களுக்கு இந்த அழைப்பு வந்தால், வசூலுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கிக்கொள்வார்கள். அந்த வாரம் முழுக்க அவர்களுக்குப் பாக்கி பற்றி ஒரு வார்த்தையும் போகக் கூடாது. அழைப்பை நேரில் சொல்வது இன்னும் நல்லது.

எதன் மூலம் அனுப்புவது? வாட்ஸ்அப்பில் புதிதாக ஒரு குரூப் தொடங்கி எல்லாரையும் சேர்த்துவிடுவது சுலபம்போலத் தெரியும். ஆனால் 140 வீட்டு நம்பரும் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும். பல பெண்கள் உடனே வெளியேறுவார்கள், அது நியாயமும்கூட. பிராட்காஸ்ட் பட்டியல் என்றால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். அதில் ஒரு பொறி உண்டு: உங்கள் கடை நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அனுப்பியவருக்கு எல்லாம் போய்விட்டதுபோலத் தோன்றும். அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதியைத் திறந்தால் யார் யாருக்குச் சேர்ந்தது என்று பெயர் தெரியும். விட்டுப்போனவர்களுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். பிராட்காஸ்டில் அவரவர் பெயர் தானாக விழாது. எனவே முக்கியமான முப்பது நாற்பது வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றி அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்குப் பொதுவான வடிவத்தை அனுப்புவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பூமாலை, பலூன், கடைக்காரர் போட்டோ எல்லாம் வைத்து ஒரு படம் தயாரித்து அனுப்பலாமா? அழகுதான், ஆனால் படம் ஊரெல்லாம் சுற்றும். "டப்பா உண்டு" என்று படத்தில் இருந்தால் தெருவே வந்து நிற்கும். பெயர் போட்டு எழுத்தாக வந்த செய்தியை யாரும் எளிதில் அடுத்தவருக்குத் தள்ளுவதில்லை.

எஸ்.எம்.எஸ். என்றால் வேறு கதை. மொத்தமாக வணிகச் செய்தி அனுப்பும் சேவை மூலம் போவதானால் டிராய் விதிப்படி கடையைத் தொலைபேசி நிறுவனத்தின் டி.எல்.டி. தளத்தில் பதிவு செய்து, செய்தியின் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். தமிழில் எழுதினால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 70 குறிகள்தான் அடங்கும். "ஐந்து" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. இயந்திரம் புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியே எண்ணி ஐந்து என்கும். இந்த வேகத்தில், மேலே உள்ள அழைப்பு பல எஸ்.எம்.எஸ். கட்டணத்தை விழுங்கிவிடும். 140 வீட்டுக்கு அது தேவையில்லாத வேலை. ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கு, மூலையில் மஞ்சள் தடவிய ஒரு சின்னச் சீட்டைச் சாமான் பையில் பில்லோடு வைத்து அனுப்பினால் போதும்.

நாள் குறிப்பதில் மளிகைக்கடைக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. மாதத்தின் முதல் மூன்று நான்கு நாள் லிஸ்ட் போடுகிற நெரிசல், கடைக்காரருக்கு முகம் கொடுத்துப் பேச நேரம் இருக்காது. எட்டாம் தேதிக்கு அது தணிந்திருக்கும். தை மாதமாதலால் பெரிய முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6 மணி வரை. மத்தியானம் இரண்டு மணிக்கு முடிப்பதால் அந்தப் பேச்சும் எழாது. அழைப்பைச் செவ்வாய் அல்லது புதன் அனுப்பலாம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு வரி நினைவூட்டல்: "அக்கா, நாளைக்குக் காலையில பாப்போம்." அதற்கு மேல் அனுப்பினால் தொந்தரவு.

அன்றைக்கு வாசலில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். வந்த வீட்டுக்கு ஒரு டிக். அழைக்காத பக்கத்து வீட்டுக்காரரும் கூடவே வருவார். அவருக்குக் காபியும் கேசரியும், விலை குறைந்த ஒரு மஞ்சப்பையும். டப்பா இல்லை என்று அவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, பையைக் கையில் கொடுத்து "அடுத்த மாசம் லிஸ்ட் குடுங்கண்ணே" என்றால் முடிந்தது. டிக் விழாத வீடுகளை 14ஆம் தேதி இரவு எண்ணிப் பார்த்து, மிச்ச டப்பாக்களை அடுத்த முறை சாமான் போகும்போது பையன் கையிலேயே கொடுத்தனுப்பலாம். பாக்கி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போகிற டப்பாவோடு கணக்குச் சீட்டு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.